பதிகத்தின் கடைசிப் பாட்டு

திருஞானசம்பந்தரின் பதிகம் ஒன்றைக் கையில் எடுத்தால், பெரும்பாலும் அதில் 11 பாட்டுகள் இருக்கும். எட்டாவதில் இராவணன் கயிலையின் கீழ் நசுங்குவான். ஒன்பதாவதில் மாலும் அயனும் அடிமுடி தேடி அலைவார்கள். பத்தாவதில் சமணரும் சாக்கியரும் வந்து போவார்கள். பதினொன்றாவது, திருக்கடைக்காப்பு. அதில் காழியூர் ஞானசம்பந்தன் தன் பெயரைச் சொல்லி, இந்தப் பத்தையும் பாட வல்லவர்கள் என்ன பேறு பெறுவார்கள் என்று சொல்லி முடிப்பார்.

இந்தக் கடைசிப் பாட்டில்தான் எனக்கு எப்போதும் கண் நிற்கிறது. மற்ற பாட்டுகள் ஊரையும் இறைவனையும் பார்த்துப் பாடியவை. இது மட்டும் இனி வரப்போகிற பாடகனைப் பார்த்துப் பாடியது. நாவுக்கரசரிடம் இந்த வழக்கம் இல்லை, அவர் பெரும்பாலும் இராவணனோடு முடித்துவிடுவார். சுந்தரர் சம்பந்தர் வழியில் தன் பெயரையும் பலனையும் சொல்லுவார். ஊர் ஊராக நடந்து, யாழ்ப்பாணரின் யாழோடு சேர்ந்து பாடிய பாட்டு, பாடியவர் போன பிறகும் அந்தச் சன்னதியில் ஒலிப்பதற்கான ஏற்பாடு பாட்டுக்குள்ளேயே இருந்தது.

ஏற்பாடு எவ்வளவு தூரம் பலித்தது என்பதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. 9ஆம் நூற்றாண்டில், பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தில், திருவல்லம் கோயில் கல்வெட்டு 'திருப்பதியம் பாடுவார்' என்று ஒரு பணியாளர் பிரிவைக் குறிக்கிறது. பூசை செய்பவரோடும் கோயிலின் பிற பணியாளரோடும் பாடுவாருக்கும் நெல் அளக்கப்படுகிறது. பக்தரின் விருப்பமாக இருந்த பாட்டு அதற்குள் கோயிலின் அன்றாட வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

தஞ்சைப் பெரிய கோயிலில் இது விரிவாகத் தெரிகிறது. முதலாம் இராசராசன் தன் 29ஆம் ஆட்சியாண்டு வரை திருப்பதியம் பாட நியமித்த பிடாரர் 48 பேர். உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர். ஆக 50 பேர். ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல். 12 குறுணி ஒரு கலம் என்றால், பாட்டுக்காக மட்டும் தினம் பன்னிரண்டரைக் கலம் நெல் கோயில் பண்டாரத்திலிருந்து அளந்து கொடுக்கப்பட்டது. ஒவ்வொருவர் பெயரையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பெற்றோர் இட்ட பெயருக்குப் பின்னால் 'ஆன' என்று சேர்த்து, 'சிவன்' என முடியும் தீட்சைப் பெயரும் பலருக்கு உண்டு. தீட்சை பெற்றவர்களாகவே அவர்கள் இறைவன் முன் நின்றார்கள்.

அந்தக் கல்வெட்டில் நான் மிகவும் மதிப்பது அதன் நிபந்தனைப் பகுதி. பாடுகிறவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ, அவருக்கு அடுத்த முறையுடைய உறவினர் அந்த நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும். உறவினர் பாடத் தகுதியில்லாதவர் என்றால், தகுதியுள்ள வேறொருவரைப் பாட வைத்துத் தான் நெல்லைப் பெறலாம். உறவினரே இல்லையென்றால், மற்றப் பாடகர்கள் கூடித் தகுதியான ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நெல் குடும்பத்துக்குச் சேரலாம், பாட்டு மட்டும் தகுதியில்லாதவர் வாயில் போகக் கூடாது. பரம்பரை உரிமையையும் தேர்ச்சியையும் அவர்கள் தெளிவாகப் பிரித்து வைத்திருந்தார்கள். அதே கோயிலில் சம்பந்தர், நாவுக்கரசர், சுந்தரர் ஆகியோரின் செப்புத் திருமேனிகளையும் எழுந்தருளச் செய்தார்கள். பாடியவர்களே பூசை பெறுபவர்களாயினர்.

ஆனாலும் எல்லாப் பதிகமும் பிழைக்கவில்லை. சிதம்பரத்தில் பூட்டிய அறைக்குள் சுவடிகளைக் கரையான் அரித்திருந்தது என்றும், எஞ்சியதை நம்பியாண்டார் நம்பி திரட்டினார் என்றும் சைவ மரபு சொல்கிறது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண்கள் வகுக்கப்பட்டன என்பதும் அதே மரபு. திரட்டில் சேராமல் போன பாட்டு இருந்தது என்பதற்குத் திருவிடைவாய் சான்று. சம்பந்தர் அந்த ஊர்மேல் பாடிய பதிகம் ஏடுகளில் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கோயில் கல்வெட்டிலிருந்து அது கிடைத்தது. பாடல் பெற்ற தலங்களை 274 என்று எண்ணிவந்தவர்கள் 275 என்று எண்ணத் தொடங்கினார்கள். ஒரு சிற்றூர்க் கோயிலின் வரிசையையே ஒரு பதிகம் மாற்றுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

வைணவப் பக்கத்தில் கடைசிப் பாட்டு வேறொரு காரியம் செய்தது. காட்டுமன்னார்கோயிலில் நாதமுனிகள் இருந்தபோது, அங்கு வந்தவர்கள் நம்மாழ்வார் குடந்தை ஆராவமுதனைப் பாடிய பதிகத்தைச் சேவித்தார்களாம். அதன் இறுதிப் பாசுரம், குருகூர்ச் சடகோபன் பாடிய ஆயிரத்தில் இவை பத்து என்ற பொருளில் முடிகிறது. வந்தவர்களுக்கு அந்தப் பத்துக்கு மேல் தெரியாது. மீதி எங்கே என்று தேடி நாதமுனிகள் குருகூருக்கே போனார், திருவாய்மொழியோடு நாலாயிரமும் பெற்றார் என்பது குருபரம்பரை வரலாறு. தொலைந்தது எவ்வளவு என்பதைக் கிடைத்த பத்தே சொல்லிக்கொடுத்திருக்கிறது.

திருவரங்கத்தில் மார்கழியில் நடக்கும் அத்யயன உற்சவம் இந்தப் பாசுரங்களைச் சுற்றியே அமைந்தது. பகல்பத்தில் மற்ற ஆழ்வார்களின் திருமொழிகள். இராப்பத்தில் நாளுக்கொரு பத்தாகத் திருவாய்மொழி. குல்லாய் அணிந்த அரையர்கள் தாளத்தோடு பாடி, அபிநயம் பிடித்து, பொருளும் சொல்வார்கள். இராப்பத்தின் இறுதி நாளில் நம்மாழ்வார் விக்கிரகத்தை நம்பெருமாள் திருவடியில் சேர்த்துத் துளசியால் மூடுவார்கள்: ஆழ்வார் மோட்சம். நூலின் முடிவில் கவிஞர் அடைந்த பேற்றைக் கோயில் ஆண்டுதோறும் நிகழ்த்திக் காட்டுகிறது. வீதிப் புறப்பாட்டில் பிரபந்த கோஷ்டி பெருமாளுக்கு முன்னும், வேத பாராயண கோஷ்டி பின்னும் போகும். பெருமாள் தமிழின் பின்னே போகிறார் என்று வைணவர்கள் பெருமைப்படுவது இந்த வரிசையைப் பார்த்துத்தான்.

சிவன் கோயிலில் பாட்டின் இடம் வேறு. அங்கே ஆகம பூசையின் உபசாரங்களில் ஒன்றாக, தீபாராதனையை ஒட்டி, ஓதுவார் நின்று பண்ணோடு பாடுகிறார். இசை அங்கே கூடுதலாகக் காப்பாற்றப்பட்டிருக்கிறது என்றாலும் முழுவதும் இல்லை. மேகராகக் குறிஞ்சி இன்று நீலாம்பரியாக ஒலிக்கிறது, நட்டபாடை கம்பீரநாட்டையாக. காந்தாரம், பியந்தை, கொல்லி என மூன்று பண்களும் நவரோஜ் என்ற ஒரே இராகத்தில் பாடப்படுகின்றன. மூன்று தனிப் பெயர்கள் இருந்த இடத்தில் மூன்று தனி இசை வடிவங்களும் இருந்திருக்கத்தான் வேண்டும். கேட்கிற காதுக்கு இழப்பு எங்கே என்று இங்கே தெரிந்துவிடும்.

ஒரு கால பூசையில் ஓதுவாருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். 11 பாட்டையும் பாட இயலாதபோது முதற்பாட்டையும் திருக்கடைக்காப்பையும் பாடி நிறைவு செய்வது வழக்கம். இடையில் உள்ள ஒன்பதையும் விடலாம். பாடியவர் பெயரும் இனிப் பாடுகிறவருக்கான வாக்கும் இருக்கிற அந்தக் கடைசிப் பாட்டை விடுவதில்லை.