வாரான் என்றால் வரவில்லையா, வரமாட்டானா?

தமிழ் கற்றுக்கொள்ள வருகிறவருக்கு எதிர்மறையை ஒரு சின்ன அட்டவணையில் சொல்லிக்கொடுப்பது வழக்கம். இறந்தகாலத்துக்கு ‘வரவில்லை’, எதிர்காலத்துக்கு ‘வரமாட்டேன்’. ஒரு வாரம் இது ஓடும். அப்புறம் அவர் கடைத்தெருவில் ‘நாளைக்கு நான் வரலை’ என்று ஒருவர் சொல்வதைக் கேட்பார். ‘நேத்து வரைக்கும் எனக்குத் தெரியாது’ என்று இன்னொருவர் சொல்வார். ரெண்டும் அட்டவணைக்கு எதிர். ஆனால் ரெண்டும் நல்ல தமிழ். ஏன் இப்படி என்பதற்கு மொழியின் வரலாற்றில்தான் பதில் இருக்கிறது.

பழந்தமிழில் எதிர்மறை வினைக்குக் காலமே கிடையாது. ‘வந்தான்’ என்பதில் இறந்தகாலம் தெரிகிறது, ‘வருவான்’ என்பதில் எதிர்காலம் தெரிகிறது. எதிர்மறையாக்கும்போது இந்தக் கால இடைநிலைகள் கழன்றுபோகும். வினையடியோடு விகுதி நேராகச் சேரும். வாரேன், வாராய், வாரான், வாராள், வாரார், வாராது. ‘வாரான்’ என்றால் வரவில்லை, வருவதில்லை, வரமாட்டான் மூன்றும்தான். எதிர்மறை முக்காலத்தையும் ஏற்கும் என்று 13ஆம் நூற்றாண்டு நன்னூலே சொல்லிவிட்டது. 1856இல் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லும் இந்த வினையில் காலக்குறி இல்லாததைக் கவனித்தார்.

அப்படியானால் எந்தக் காலம் என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள்? பக்கத்து வினையை வைத்து. ‘ஊரார் அழைத்தனர், அவன் வாரான்’ என்றால் வரவில்லை. ‘ஊரார் அழைப்பர், அவன் வாரான்’ என்றால் வரமாட்டான். பக்கத்தில் எதுவும் இல்லாமல் தனியாக ‘அவள் அழாள்’ என்று மட்டும் நின்றால்தான் சிக்கல். அன்றைக்கு அவள் அழவில்லையா, இனி அழமாட்டாளா, அழுகிற சுபாவமே அவளுக்கு இல்லையா? முதலாவது ஒரு நிகழ்ச்சி, இரண்டாவது ஒரு வைராக்கியம், மூன்றாவது ஒரு குணம். உரை எழுதுகிறவர் இக்காலத் தமிழில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். எடுத்த உடனே மற்ற இரண்டும் வாசகனுக்குக் கிடைக்காமல் போய்விடும்.

காலத்தைக் காட்டவேண்டிய தேவைக்கு மொழி இரண்டு துணைகளைப் பிடித்துக்கொண்டது. ஒன்று ‘இல்’. ‘வந்திலேன்’ என்பதில் இறந்தகாலமும் இருக்கிறது, மறுப்பும் இருக்கிறது. பிற்பாடு ‘இல்லை’ என்பதே எல்லா இடத்துக்கும் பொதுவாகி நான் வரவில்லை, அவள் வரவில்லை, அவர்கள் வரவில்லை என்று நிலைத்தது. பேச்சில் அது ‘வரலை’, யாழ்ப்பாணத்தில் ‘வரேல்லை’.

இன்னொன்று ‘மாட்டு’. இதற்கு ‘இயலும்’ என்று பொருள். ‘வரமாட்டேன்’ என்றால் முதலில் ‘வர இயலாதவன்’ என்றுதான் அர்த்தம். முடியாமை மெல்ல மெல்ல மறுப்பாக மாறி, மறுப்பு எதிர்காலமாக ஆகிவிட்டது. ‘மாட்டேன்’ என்ற சொல்லும் அந்தப் பழைய காலமில்லாத எதிர்மறையில் பிறந்ததுதான். அதனால்தான் மனசு உள்ளவர்களுக்கு மட்டும் அது பொருந்துகிறது. ‘அவர் வரமாட்டார்’, ஆனால் ‘பஸ் வராது’. அஃறிணை இன்னும் பழைய வடிவத்திலேயே நிற்கிறது. ‘குரைக்கிற நாய் கடிக்காது’ என்ற பழமொழியில் ‘கடிக்கவில்லை’ என்று போட்டுப்பாருங்கள், பழமொழி போய் ஒரு செய்தி மிஞ்சும். வண்டி மக்கர் செய்யும்போது மட்டும் ‘ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது’ என்கிறோம். அதாவது, வண்டியே ‘மாட்டேன்’ என்கிறதாம்!

இப்போது முதலில் பார்த்த ரெண்டு வாக்கியங்களும் புரிகின்றன. ‘தெரியாது’ என்பது பழைய காலமில்லா வடிவம், அதனால் ‘நேத்து வரைக்கும்’ என்பதோடு சண்டை போடவில்லை. ‘பிடிக்காது’, ‘முடியாது’ எல்லாம் அதே குடும்பம். ‘எனக்குக் கத்திரிக்காய் பிடிக்காது’ என்பது என் சுபாவம். ‘பிடிக்கலை’ என்றால் இன்றைக்கு வைத்த குழம்பைச் சொல்கிறேன். அதேபோல ‘நாளைக்கு நான் வரலை’ என்பதில் வருகை நாளைக்கு என்றாலும் முடிவு இப்போதே எடுத்தாகிவிட்டது. ‘வரமாட்டேன்’ என்றால் அதில் பிடிவாதமும் கொஞ்சம் கேட்கும். கல்யாணப் பத்திரிகை கொடுத்தவரிடம் எதைச் சொல்கிறோம் என்பதில் உறவே இருக்கிறது.

ஆகவே ஒரு வாக்கியத்தில் எதிர்மறை சரியா என்று பார்க்க ‘நேற்று’, ‘நாளை’ சேர்த்துப் பார்த்தால் மட்டும் போதாது. சொல்லப்படுவது நடந்த ஒன்றா, எடுத்த முடிவா, மறுப்பா, சுபாவமா என்றும், எழுவாய் உயர்திணையா அஃறிணையா என்றும் கேட்கவேண்டும். எந்த ஊர்த் தமிழ் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். பழைய ஏட்டில் ‘வாரேன்’ என்று இருந்தால் ஆள் வரவில்லை. திருநெல்வேலியில் ‘இந்தா வாரேன்’ என்றால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார் என்று அர்த்தம்.