பஜாரும் பசாரும்: தமிழ் எழுத்தில் பிறமொழி ஒலிகள்



சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையில் உள்ள மம்பாவ் வட்டாரத்தில் வாழும் நமக்குப் பலமொழிப் பெயர்களோடு பழகுவது புதிதன்று. பக்கத்து வீட்டில் ஒரு மலாய்க் குடும்பம். கோயிலுக்கு அப்பால் ஒரு மாதா கோயில். அதற்கும் அப்பால் பள்ளிவாசல். அந்தப் பெயர்களைத் தமிழில் எழுதும்போது கை சற்றே தயங்குகிறது. ‘ரஹ்மான்’ என்று எழுதுவதா, ‘ரகுமான்’ என்றா? இந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்பதை இன்று காண்போம்.

முதலில் நம் எழுத்தின் இயல்பைக் கவனிப்போம். தமிழில் வல்லின எழுத்து ஒன்றாயினும், அது நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். ‘பல்’, ‘கப்பல்’, ‘கம்பு’, ‘கோபம்’ என்னும் நான்கு சொற்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘பல்’லிலும் ‘கப்ப’லிலும் வன்மையாக ஒலிக்கும் பகரம், ‘கம்பு’விலும் ‘கோப’த்திலும் மென்மையாக ஒலிக்கிறது. சகரமும் அப்படியே: ‘பச்சை’யில் ஒரு விதம், ‘பஞ்சு’வில் ஒரு விதம், ‘பசி’யில் ஒரு விதம். தமிழ்ச் சொற்களுக்கு இந்த ஏற்பாடு மிக அழகாகப் பொருந்துகிறது. ஒலியைச் சொல்லின் இடமே காட்டிவிடுவதால் தனித்தனி எழுத்து வேண்டியதில்லை.

பிறமொழிப் பெயர்கள் இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படுவதில்லை. ‘ஜமால்’ என்னும் பெயரில் ஜகரம் சொல்லின் தொடக்கத்தில் வருகிறது. தமிழ்ச் சகரம் தொடக்கத்தில் அந்த ஒலியைத் தராது. ‘சமால்’ என்று எழுதினால் படிப்பவர் ‘சமால்’ என்றே படிப்பார். இங்கேதான் கிரந்த எழுத்து கைகொடுக்கிறது.

பல்லவர் காலத்தில் தமிழ்நாட்டில் வடமொழியை எழுதுவதற்கென வளர்ந்த எழுத்து கிரந்தம். அதன் முழு வரிசையும் நமக்கு வரவில்லை. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஆகியவையும் ஸ்ரீ என்னும் குறியும் மட்டுமே தமிழ் எழுத்தோடு தங்கின. இதில் மலேசியர்களுக்கு ஒரு சுவையான செய்தி உண்டு. 1834 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லோ என்பவர் செபராங் பிறை வட்டாரத்தில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். புத்தகுப்தன் என்னும் கப்பல் தலைவனின் பெயர் பொறித்த அந்த வடமொழிக் கல்வெட்டு ஏறத்தாழ 5 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் எழுத்தைப் பல்லவ எழுத்து என்றே அறிஞர் பலரும் குறிப்பிடுகின்றனர். நம் ஜகரத்தின் முன்னோர், நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே இந்தக் கரைக்கு வந்துவிட்டனர்!

கிரந்த எழுத்தை ஏற்பதா, விலக்குவதா என்னும் வழக்கு மிகப் பழையது. வடசொல்லைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப மாற்றி வழங்குக என்பது தொல்காப்பியத்தின் நெறி. அதன்படியே கம்பர் ‘லக்ஷ்மண’னை இலக்குவன் என்றும், ‘விபீஷண’னை வீடணன் என்றும் ஆக்கினார். 1916 இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் இந்த நெறிக்குப் புத்துயிர் ஊட்டியது. இதில் நாம் ஒரு வேறுபாடு செய்ய விரும்புகிறோம். இலக்குவன் காவியத்தில் வாழ்பவன். நம் மொழிக்கே உரியவனாகிவிட்டான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் தம் பெயரைத் தாமே சொல்லி, தாமே கையெழுத்திடுபவர். அவர் பெயரைத் திருத்தும் உரிமை நமக்கு இல்லை.

பொதுச் சொற்களின் கதை வேறு. அவை தாமாகவே தமிழாகிவிடும். பாரசீக மொழியில் சந்தைக்கு வழங்கும் சொல்லின் நடுவில், தேனீ ரீங்கரிப்பது போன்ற ஓர் ஒலி உண்டு. ‘அஜீஸ்’ என்னும் பெயரை மலாய்க்காரர் சொல்லும்போது நடுவில் கேட்கும் ஒலி அதுவே. தமிழர் அந்த இடத்தில் ஜகரத்தை இட்டுப் ‘பஜார்’ என்றனர். மலாய்க்காரர் சகர ஒலியை இட்டுப் ‘பசார்’ என்றனர். ஜமீன், கஜானா ஆகியவையும் அதே ஒலியைக் கொண்டிருந்த சொற்களே. ஆகவே அந்த ரீங்கார ஒலிக்கு ஜகரம் இடுவது நேற்றைய வழக்கமன்று.

உதட்டைப் பல்லால் தொட்டு ஊதும் ஒலிக்கு, அதாவது பாத்திமா என்னும் பெயரின் முதல் ஒலிக்கு, கிரந்தத்திலும் எழுத்தில்லை. வடமொழியில் அவ்வொலி இல்லை அல்லவா! பழைய தமிழர் பகரத்தையே இட்டனர். ‘நபர்’, ‘பைசல்’, ‘பக்கீர்’ எல்லாம் அப்படி வந்தவை. காப்பியும் அவ்வாறே, அதில் யாருக்கும் குறை தெரியவில்லை. மலாயிலும் ‘ஃபிக்கிர்’ என்பதைப் ‘பிக்கிர்’ என்பார் உண்டு. 20 ஆம் நூற்றாண்டில் ஆய்த எழுத்தைப் பகரத்தின் முன் இட்டு, ‘ஃப’ என்று எழுதும் முறை பரவியது. ‘எஃகு’, ‘அஃது’ என்னும் சொற்களில் குற்றெழுத்துக்குப் பின் நின்று தனியே ஒலிப்பது ஆய்தம். ‘ஃபாத்திமா’வில் அது தனியே ஒலிப்பதில்லை; அடுத்த பகரத்தை மாற்றிப் படி என்று சைகை காட்டுகிறது. இலக்கணப்படி ஆய்தம் சொல்லுக்கு முதலில் வராது. ஆயினும் பயன் கருதி வழக்கம் அதை ஏற்றுக்கொண்டது.

இனி ஒரு பெயரை எடுத்து எழுதிப் பார்ப்போம். ஃபௌஜியா பிந்தி அஜீஸ் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பள்ளிப் பதிவில் ‘பவுசியா’, கூட்டுறவுக் கடைப் புத்தகத்தில் ‘பௌஸியா’, கல்யாணப் பத்திரிகையில் ‘ஃபௌஜியா’ என்று இருந்தால் மூவரா, ஒருவரா என்ற ஐயம் எழும். எழுதியது சரியா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. அந்தப் பெயர்க்காரரை அறியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ‘பவுசியா’ என்பதைப் படிப்பவர் வாயில் ஊதொலியும் வராது, ரீங்காரமும் வராது. ‘ஃபௌஜியா’வைப் படித்தால் முதலொலி சரியாக வரும், இரண்டாவது ஓரளவு நெருங்கி வரும்.

ஓரளவுதான். ஜகரம் இரண்டு ஒலிகளைச் சுமக்கிறது. ‘ஜமா’லின் முதலொலியும் ‘ஜைன’பின் முதலொலியும் மலாயில் வெவ்வேறு, தமிழில் ஒன்றாகவே தோன்றுகின்றன. இதைப் பிரிக்கச் சிலர் ‘ஃஜ’ என்று எழுதுகின்றனர். எழுதலாம், ஆனால் இதைப் படிக்கப் பழகியவர் குறைவு. அன்றாட எழுத்துக்கு ஜகரமே போதும் என்பது நம் கருத்து. பத்திரங்களில் ரூமி எழுத்திலும் பெயரைச் சேர்த்து எழுதிவிட்டால் ஐயம் தீரும். மேலும் அஜீஸ் என்னும் பெயரில் கடைசி ஒலியும் ரீங்காரமே. ஒரே விதியை விடாப்பிடியாகக் கொண்டால் ‘அஜீஜ்’ என்று எழுத வேண்டும்! யாரும் அப்படி எழுதுவதில்லை. சொல்லின் இறுதியில் ஸகரம் இடுவது நிலைத்துவிட்டது. அதை மாற்ற வேண்டியதில்லை.

ஹகரத்துக்கு வருவோம். சிரம்பானில் உள்ள ரஹாங்கை ‘ரகாங்’ என்று எழுதினாலும் பெரிய கேடில்லை. இரண்டு உயிரொலிகளுக்கு இடையில் நம் ககரமே மென்மையாகி அந்த ஒலியை நெருங்குகிறது. ‘மகன்’ என்று சொல்லிப் பாருங்கள். பகாங் மாநிலத்தின் பெயர் ககரத்தோடு நிலைத்ததும் அதனால்தான். சொல்லின் தொடக்கத்தில் அந்தச் சலுகை கிடையாது. மக்கா சென்று வந்தவர் ஹாஜி. தமிழ் முஸ்லிம்களிடையே மார்க்கத் தீர்ப்புக் கூறுபவர் காஜி. இங்கே எழுத்து மாறினால் ஆளே மாறிவிடுவார்.

ஷகரத்துக்குத் தோட்டத்திலேயே சான்று உண்டு. கித்தாப்பாலை உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தட்டையாக்கி, புகையில் உலர்த்தியது ஷீட்டு. மருந்தகத்தில் கொடுப்பது சீட்டு. ‘பத்துச் சீட்டு அனுப்பவும்’ என்று கிராணி எழுதினால், எதை அனுப்புவது?

கடைசியாக, பெயர்ப்பட்டியல் எழுதுவோருக்கு ஒரு சொல். அகரவரிசையில் ஆய்தம் உயிரெழுத்துகளை அடுத்து வருவதால், ‘ஃபாத்திமா’வைச் சிலர் ‘ஔ’வுக்குப் பின் சேர்க்கின்றனர், சிலர் பகரத்தில் சேர்க்கின்றனர். ஆய்தம் இங்கே வெறும் சைகையே என்று கண்டோம். எனவே பகரத்தில் சேர்ப்பதே பொருத்தம். தேடுபவரும் முதலில் அங்கேதான் தேடுவார். ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றில் தொடங்கும் பெயர்களைப் பட்டியலின் முடிவில், னகரத்துக்குப் பின் வைப்பது பல அகராதிகளின் வழக்கம். எந்த வரிசையைக் கொண்டாலும், அதைப் பட்டியலின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டால் அடுத்து வரும் எழுத்தர் தடுமாற மாட்டார்.