தொலைக்காட்சிப் பெட்டியில் உணரப்படும் மெல்லிய மின்னதிர்வு

தொலைக்காட்சிப் பெட்டியின் எச்.டி.எம்.ஐ. துளை விளிம்பு, கேபிள் மாட்டும் திருகுமுனை, உலோகச் சட்டம், சுவரில் மாட்டிய தாங்கி ஆகியவற்றைத் தொடும்போது விரலில் ஏற்படும் ஊசி குத்துவது போன்ற உணர்வு அல்லது விர்ரென்ற அதிர்வு. பேச்சு வழக்கில் ‘டிவி லேசா ஷாக் அடிக்குது’ என்பார்கள். பெரும்பாலான வேளைகளில் இது பழுதன்று. பெட்டியின் மின்சுற்று வடிவமைப்பிலேயே உள்ள மிகச் சிறிய கசிவு மின்னோட்டம். ஆனால் வீட்டு எர்த் இணைப்பு அறுந்திருப்பதும் தொடக்கத்தில் இதே உணர்வாகத்தான் வெளிப்படும். விரலால் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

கசிவு எங்கிருந்து வருகிறது

இன்றைய தொலைக்காட்சிகளில் பழைய கனத்த டிரான்ஸ்பார்மர் இல்லை. அதன் இடத்தில் எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி 230 வோல்ட்டை நொடிக்குப் பல்லாயிரம் தடவை துண்டித்துத் துண்டித்து, சிறிய டிரான்ஸ்பார்மர் வழியாகத் தாழ்ந்த மின்னழுத்தமாக மாற்றுகிறது. இந்தத் துண்டிப்பால் எழும் இரைச்சல் வெளியே பரவினால் அக்கம்பக்கத்து வானொலிகளில் கரகரப்பு கேட்கும். அதை அடக்க, மின்வாரியத்தின் 230 வோல்ட் இருக்கும் பக்கத்துக்கும் நாம் தொடக்கூடிய உலோகப் பக்கத்துக்கும் இடையே ‘ஒய்’ வகைக் கெப்பாசிட்டர் ஒன்றைப் போடுகிறார்கள். பெரும்பாலும் நீல நிறத்தில், வட்டமான பொத்தான் போல இருக்கும். அதிவேக இரைச்சலுக்கு இது திறந்த வழி. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்கோ ஏறத்தாழ அடைத்த வழி. ஏறத்தாழ என்பதுதான் இங்கே விஷயம்.

2.2 நானோபாரட் கெப்பாசிட்டர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஏறக்குறைய பதினான்கரை லட்சம் ஓம் தடையாக நிற்கும். அதன் வழியே 230 வோல்ட் தள்ளக்கூடியது அதிகபட்சம் 0.16 மில்லிஆம்பியர். கையால் ஒரு பொருளைப் பிடித்திருக்கும்போது மனிதர் உணரத் தொடங்கும் அளவு சுமார் அரை மில்லிஆம்பியர். உயிருக்கு ஆபத்து பல பத்து மில்லிஆம்பியரில் வருகிறது. வீட்டில் பொருத்தும் ஆர்.சி.சி.பி. 30 மில்லிஆம்பியருக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும்படி அமைக்கப்பட்டிருப்பது இதனால்தான்.

அப்படியானால் உணர்வெல்லைக்கும் கீழே உள்ள கசிவு ஏன் விரலுக்குத் தெரிகிறது? உலர்ந்த விரலை உலோகத்தின் மேல் மெல்ல இழுத்தால் தோலின் மேலடுக்கே ஒரு கெப்பாசிட்டராகிறது. உலோகம் தோலை நொடிக்கு 100 தடவை இழுத்து விடுகிறது. உலோகம் நரநரவென்று இருப்பதாகத் தோன்றுகிறது. விரலை அசைக்காமல் அழுத்திப் பிடித்தால் அந்த உணர்வு மறைந்துவிடும். விளக்கு எரியும்போது அதன் பித்தளைப் பிடி விரலுக்கு வேறுமாதிரி இருப்பதைக் கவனித்த அமெரிக்கர் எட்வர்ட் மாலின்க்ராட், 1953இல் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து இதை ஆராய்ந்து வெளியிட்டார். செருப்பில்லாமல் ஈரத் தரையில் நின்றாலோ மறுகை ஜன்னல் கம்பியில் இருந்தாலோ உணர்வு கூடும். ரப்பர் செருப்பு போட்டதும் காணாமல் போகும். கசிவு போய்விடவில்லை, பாதைதான் அடைபட்டது.

பின்களின் எண்ணிக்கை

சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி பின்பக்க ஒட்டுத்தாளில் இருந்தால் அந்தப் பெட்டி இரட்டைக் காப்பு கொண்டது. கம்பெனியே இரண்டு பின் வயரோடுதான் அனுப்பும். அதற்கு எர்த் தேவையில்லை. அதில் வரும் விர்ரென்ற உணர்வைப் பழுதென்று சொல்வதற்கில்லை. மெக்கானிக் அந்த நீலக் கெப்பாசிட்டரைக் கழற்றி ‘ஷாக்கை நிறுத்துவது’ தேவையற்ற வேலை. அதைவிடக் கெட்டது, அது பழுதானபோது கடையில் கிடைத்த சாதாரண கெப்பாசிட்டரைப் போடுவது. ஒய் வகை, பழுதானால் திறந்துகொள்ளும்படி கட்டப்படுகிறது. சாதாரண வகை ஷார்ட் ஆகலாம். அப்படி ஷார்ட் ஆனால் 230 வோல்ட் நேரடியாக எச்.டி.எம்.ஐ. துளைக்கு வந்துவிடும்.

கம்பெனி மூன்று பின் வயர் கொடுத்திருந்தால் கதை வேறு. அங்கே ஒரு கெப்பாசிட்டர் பேஸிலிருந்தும் இன்னொன்று நியூட்ரலிலிருந்தும் உலோக உடலுக்கு வருகின்றன. உடல் எர்த்தில் கட்டப்பட்டிருக்கும் என்று நம்பி அமைத்த சுற்று அது. எர்த்தை எடுத்துவிட்டால் இரண்டு கெப்பாசிட்டர்களும் மின்னழுத்தத்தைச் சரிபாதியாகப் பங்கிட்டு, உடலை 115 வோல்ட்டில் மிதக்க விடுகின்றன. மல்டிமீட்டரில் 110, 115 என்று காட்டினால் பெரும்பாலும் இதுதான்.

எர்த்தை எடுத்துவிடும் வேலையைச் செய்வது மின்கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் த்ரீ பின்-டூ பின் கன்வர்ட்டர். நம் ஊர் மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாகவும் தடிமனாகவும் இருப்பது தற்செயலல்ல. செருகும்போது முதலில் தொடவும், உருவும்போது கடைசியில் விடவும் நீளம். பேஸ் துளைக்குள் தவறிப் போகாமலிருக்கத் தடிமன். கன்வர்ட்டர் அந்தப் பின்னை உள்ளே வாங்கிக்கொண்டு எதனோடும் சேர்க்காமல் விட்டுவிடுகிறது. பின்னை வெட்டி எறிவதற்கும் இதற்கும் ஒரே வேறுபாடு, இது பார்க்க நாகரிகமாக இருக்கிறது என்பதுதான். மூன்று துளைகள் கொண்டு, வாலில் மட்டும் இரண்டு பின் உள்ள மலிவு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இன்னும் மோசம். துளையைப் பார்ப்பவர் எர்த் இருப்பதாகவே நினைப்பார். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டியின் ஐரோப்பிய பிளக்கில் எர்த் பக்கவாட்டுத் தகட்டில் இருக்கும். அதன் இரண்டு உருண்டைப் பின்களும் நம் சாக்கெட்டில் தொளதொளவென்று போய் உட்கார்ந்துவிடும், எர்த் தொடாது.

ஒரு வீட்டின் கணக்கு

நடக்கக்கூடிய ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். கூடத்தில் இரண்டு பின் வயர் உள்ள 43 அங்குல டிவி, அடாப்டரோடு செட்டாப் பாக்ஸ், எச்.டி.எம்.ஐ. வயரில் இணைத்த மேசைக் கணினி. கணினி செருகியிருப்பது மேலே சொன்ன இரண்டு பின் வால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். டிவியின் பின்புறத்தைத் தொட்டால் சுருக்கென்கிறது. டெஸ்டரை வைத்தால் எரிகிறது. பழி டிவியின் மேல்.

எலக்ட்ரீஷியன் முதலில் எல்லாப் பிளக்கையும் உருவிவிட்டு, எச்.டி.எம்.ஐ. வயரைக் கழற்றி, ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுகிறார். டிவியில் உணர்வு ஏறக்குறைய இல்லை. கணினிப் பெட்டியில் இருக்கிறது. கணினியின் மின்வழங்கியில் 4.7 நானோபாரட் கெப்பாசிட்டர்கள் இரண்டு என்றால் அதன் கசிவு மட்டும் 0.34 மில்லிஆம்பியர். எச்.டி.எம்.ஐ. வயரின் உலோக உறை அதை டிவிக்குக் கொண்டுவந்தது. டிவியும் செட்டாப் பாக்ஸும் தங்கள் பங்கைச் சேர்க்கக் கூட்டுத்தொகை அரை மில்லிஆம்பியரை நெருங்கிவிட்டது. தனித்தனியே எல்லாம் ஒழுங்கான பொருள்கள்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த வயரைச் செருகினால் சின்னப் பொறி தட்டி எச்.டி.எம்.ஐ. துளை கெட்டுப்போவதும் இப்படித்தான். வயர் மாற்றும்போது இரு பக்கப் பிளக்குகளையும் சுவரிலிருந்து உருவிவிடுவது நல்லது.

அவர் மூன்று கம்பி எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கொண்டுவந்து, கணினியைச் சுவரின் மூன்று பின் சாக்கெட்டில் இணைக்கிறார். தீர்ந்திருக்க வேண்டும், தீரவில்லை. குளியலறை கீசர் போட்டிருக்கும் நேரத்தில் அடி இன்னும் பலமாக விழுகிறது. காரணம் மெயின் போர்டில் தெரிகிறது: வீட்டின் பச்சை வயர்களெல்லாம் ஒன்றாக முறுக்கிக் கட்டப்பட்டிருக்கின்றன, ஆனால் அங்கிருந்து எர்த் குழிக்குப் போகும் கம்பி துருப்பிடித்து அறுந்திருக்கிறது. தண்ணீர் புகுந்த கீசர் காயில் கசிய, போக வழியில்லாத அந்த மின்சாரம் பச்சை வயர் வழியாக வீட்டிலுள்ள ஒவ்வொரு மூன்று பின் பொருளின் உடலிலும் ஏறி நிற்கிறது. கணினியிலிருந்து டிவிக்கும் வருகிறது. மூன்று பின் சாக்கெட் இருந்தும் மண்ணில் இணையாத வீடு, இரண்டு பின் மட்டுமே உள்ள வீட்டைவிட ஆபத்தானது.

எப்படிப் பிரித்தறிவது

டெஸ்டர் இங்கே உதவாது. அதன் நியான் குமிழ் மிக நுண்ணிய மின்னோட்டத்திலேயே எரியும். கெப்பாசிட்டர் கசிவுக்கும் எரியும், கீசர் கசிவுக்கும் எரியும். மல்டிமீட்டரும் மின்னோட்டத்தை அதிகம் இழுக்காததால் 110 என்று காட்டிப் பயமுறுத்தும். உண்மையைச் சொல்வது பழைய டெஸ்ட் பல்ப்: ஹோல்டரில் மாட்டிய 15 வாட் குண்டு பல்ப், இரண்டு வயர். எல்.இ.டி. பல்ப் கூடாது, அது சிறு கசிவிலேயே மினுங்கும். எலக்ட்ரீஷியன் அதை நியூட்ரலுக்கும் டிவியின் உலோகத்துக்கும் இடையே வைப்பார். வெறும் கெப்பாசிட்டர் கசிவு என்றால் பல்ப் எரியாது, மீட்டரில் இருந்த 110 வோல்ட்டும் அப்படியே சரிந்துவிடும். பல்ப் மங்கலாகவாவது எரிந்தால் பின்னால் உண்மையான பழுது இருக்கிறது. இது பயிற்சி உள்ளவர் செய்யும் சோதனை; வீட்டாரின் கைவேலையல்ல.

விர்ரென்ற உணர்வு நின்றுவிட்டதால் எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டவும் முடியாது. கோடையில் காய்ந்துபோன எர்த் குழி 500 ஓம் தடை காட்டினாலும் அரை மில்லிஆம்பியருக்கு அது போதும். உலோகத்தில் கால் வோல்ட்தான் தங்கும். ஆனால் பேஸ் வயரே உடலைத் தொட்டுவிட்டால் அந்தக் குழியின் வழியே அரை ஆம்பியர்கூடப் போகாது, எம்.சி.பி. விழாது, உடல் முழு மின்னழுத்தத்தில் நிற்கும். குழியின் தடையை அதற்குரிய கருவியால் அளக்க வேண்டும், ஆர்.சி.சி.பி.யும் வேண்டும்.

சில எலக்ட்ரீஷியன்கள் எர்த் இல்லாத சாக்கெட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் சிறு வயரால் இணைத்துவிடுவதுண்டு. டெஸ்டர் அணையும், சுருக்கென்பது நிற்கும், வீட்டுக்காரர் காசு கொடுத்து அனுப்பிவிடுவார். என்றைக்காவது அந்த நியூட்ரல் வயர் எங்காவது விட்டுப்போனால், எந்தப் பொருளும் பழுதாகாமலே அதன் உலோக உடலுக்கு 230 வோல்ட் வந்துவிடும். குழாயில் எர்த் கட்டுவதும் பயனற்றது. இப்போதைய குழாய்கள் பி.வி.சி.

இரண்டு பின் வயரோடு வந்த டிவியில் மெல்லிய அதிர்வு மட்டும் இருந்தால், கேபிளும் மற்ற இணைப்புகளும் கழற்றிய பிறகும் அது மாறாமல் இருந்தால், அப்படியே விட்டுவிடலாம். கேபிள் வயரை மாட்டினால் மட்டும் அடிக்கிறதென்றால் மின்சாரம் வெளியிலிருந்து, அதே வயரில் இணைந்த இன்னொரு வீட்டிலிருந்துகூட வரலாம். அதைக் கழற்றி வைத்துவிட்டுக் கேபிள்காரரைக் கூப்பிடுங்கள். அடி சுருக்கென்பதைத் தாண்டிக் கையை உதற வைத்தாலோ, கீசர், மோட்டார், கிரைண்டர் போடும்போது கூடினாலோ, மெயினை அணைத்துவிட்டு எர்த் கம்பியைக் குழி வரை பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பின் பிளக்கோடு வந்த எந்தப் பொருளுக்கும் டூ பின் கன்வர்ட்டர் வாங்காதீர்கள். சாக்கெட்டை மாற்றி, பச்சை வயரைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.