வட்டி ஏறிய ஆண்டு: 1998-இல் ஒரு குடும்பத்தின் கணக்கு



வட்டி ஏறினால் பணம் போட்டவனுக்கு இலாபம், கடன் வாங்கியவனுக்கு நட்டம் என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை அறிய, நம் நாட்டில் 1998-ஆம் ஆண்டில் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

1997 ஜூலை மாதம் தாய்லாந்து தன் நாணயத்தைக் காக்க முடியாமல் கைவிட்டது. அந்தக் காற்று நம் பக்கமும் வீசியது. அதுவரை ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறக்குறைய இரண்டரை வெள்ளி கொடுத்து வந்தோம். 1998 ஜனவரியில் ஒரு கட்டத்தில் 4 வெள்ளி 88 காசு வரை கொடுக்க வேண்டியதாயிற்று. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் நம் வெள்ளியை விற்றுவிட்டு ஓடினார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்த ஒரு வழி, வெள்ளியை வைத்திருப்பவனுக்கு அதிக வட்டி கொடுப்பது. பேங்க் நெகாராவும் வட்டியை உயர்த்தியது. வங்கிகள் கடன் கொடுக்க அடிப்படையாக வைத்திருந்த வட்டி, நெருக்கடிக்கு முன் 9-க்கும் 10-க்கும் இடையில் இருந்தது. 1998 ஜூன் மாதத்தில் அது 12 விழுக்காட்டையும் தாண்டியது.

இப்போது ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். தகப்பனார் செம்பனைத் தோட்டத்தில் உழைத்து, அந்த ஆண்டு 55 வயதை எட்டியவர். மூத்த மகன் பட்டணத்தில் வீடு வாங்கிக் கடன் கட்டுகிறவன். மகள் மின்னியல் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். இளையவன் இன்னும் தோட்டத்திலேயே இருக்கிறான். நால்வரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தாம். ஆனால் அந்த வட்டி நால்வரையும் நான்கு விதமாகத் தொட்டது.

முதலில் தாக்கியது மூத்தவனைத்தான். வீட்டுக் கடனில் அவனுக்கு ஒரு லட்சம் வெள்ளி பாக்கி, 20 ஆண்டுத் தவணை. கணக்கு எளிதாக இருக்க, வட்டி 9 விழுக்காடாக இருந்தது, 12 ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். 9 விழுக்காட்டில் மாதத் தவணை 900 வெள்ளி. 12 விழுக்காட்டில் அது 1,101 வெள்ளி. மாதம் 200 வெள்ளி எங்கிருந்து வரும்?

இதிலே ஒரு சூட்சுமம் உண்டு. சில வங்கிகள் தவணையை ஏற்றாமல், கடன் காலத்தை மட்டும் நீட்டுவது உண்டு. மூத்தவன் பழைய 900 வெள்ளியையே கட்டி வந்தான் என்று வையுங்கள். ஒரு லட்சத்துக்கு 12 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 12,000, மாதத்துக்கு 1,000 வெள்ளி வட்டி மட்டுமே. அவன் கட்டுவது 900. ஆக, மாதம் தவறாமல் கட்டியும் கடன் மாதம் 100 வெள்ளி வளர்கிறது! வங்கி அனுப்பும் கணக்குத் தாளில் பாக்கித் தொகை சென்ற முறையைவிடக் கூடியிருந்தால், நடப்பது இதுதான் என்று தெரிந்து கொள்ளலாம். என் பள்ளியில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால், முதலில் நம்ப மாட்டார்கள்.

தவணை முறையில் மோட்டார் சைக்கிள் வாங்கியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அந்த ஒப்பந்தத்தில் வட்டி முதலிலேயே முடிவாகிவிடும். பழைய தவணை மாறாது; புதிதாக வாங்கப் போகிறவருக்குத்தான் விலை கூடும். வட்டிக்காரரிடம் மாதம் பத்து விழுக்காட்டுக்குக் கடன் வாங்கியவருக்கோ, பேங்க் நெகாரா ஏற்றினாலும் இறக்கினாலும் ஒன்றுதான்.

அடுத்து மகள். அவள் யாரிடமும் கடன்படவில்லை. ஆனால் அவளுடைய முதலாளி கடன்பட்டிருக்கிறார். தொழிற்சாலை 20 லட்சம் வெள்ளி கடனில் ஓடுகிறது, வட்டி 10 விழுக்காட்டிலிருந்து 14 ஆயிற்று என்றால், ஆண்டுக்கு 80,000 வெள்ளி கூடுதல் செலவு. மாதம் 600 வெள்ளி வாங்கும் தொழிலாளிக்கு ஆண்டுச் சம்பளம் 7,200. ஆக, அந்தக் கூடுதல் வட்டி 11 பேருடைய சம்பளம். இது ஒரே நாளில் தெரிவதில்லை. முதலில் ஓவர்டைம் நிற்கும், பிறகு இரவு ஷிப்ட் மூடப்படும், அதன் பிறகே கடிதம் வரும். 1998-இல் நாட்டில் 80,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஆட்குறைப்புக்கு ஆளானார்கள். எல்லாம் வட்டியால் வந்தது என்று சொல்ல மாட்டேன். வெளிநாட்டு விற்பனையும் சரிந்தது, கட்டுமானத் தொழில் ஏறக்குறைய கால் பங்கு சுருங்கியது. ஆனால் தள்ளாடியவனை வட்டி கீழே தள்ளியது என்று சொல்லலாம்.

அவளுக்குக் கிடைத்தது என்ன? ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு, வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம் என்பது 1980-ஆம் ஆண்டு விதி. ஆறு ஆண்டு உழைத்து, நாளுக்கு 20 வெள்ளி சம்பளம் என்றால் 2,400 வெள்ளி. நான்கு மாதச் சம்பளம், அவ்வளவுதான். வேலையிழந்தவர்களுக்கான காப்புறுதித் திட்டம் 2018-இல்தான் நடப்புக்கு வந்தது.

இளையவனுக்கு அந்த ஆண்டு அவ்வளவு மோசமில்லை. வெள்ளியின் மதிப்பு இறங்கியதால் செம்பனை எண்ணெயின் விலை வெள்ளிக் கணக்கில் உயர்ந்தது. 1998-இல் சராசரியாக டன்னுக்கு 2,300 வெள்ளிக்கு மேல் விற்றது. தோட்டத்தில் வேலை இருந்தது. ஆனால் அவன் சேமிப்பெல்லாம் ஊழியர் சேமநிதியில். வட்டி உச்சத்தில் இருந்த 1998-இல் சேமநிதியின் இலாப ஈவு கூடியதா? இல்லை. 1997-இல் 6.70 விழுக்காடு, 1998-லும் அதே 6.70. சேமநிதிப் பணத்தில் கணிசமான பகுதி பல ஆண்டுகளுக்கான அரசாங்கப் பத்திரங்களில் இருந்தது. பத்திரத்தின் வட்டி வாங்கிய நாளிலேயே முடிவானது. பங்குகளில் போட்ட பணமோ அப்போது விழுந்து கிடந்தது.

1998 செப்டம்பரில் அரசாங்கம் வெள்ளியை டாலருக்கு 3 வெள்ளி 80 காசு என்று கட்டிப் போட்டது. பணம் வெளியேறுவதையும் தடுத்தது. இனி வட்டியை உயர்த்தி வெள்ளியைத் தாங்கத் தேவையில்லை. ஆகஸ்டிலேயே இறங்கத் தொடங்கிய வட்டி மளமளவென்று சரிந்தது. மூத்தவன் மூச்சு விட்டான். ஆனால் பழைய பத்திரங்கள் முதிர்ந்து, அவற்றின் இடத்தில் குறைந்த வட்டிப் பத்திரங்கள் வர வர, சேமநிதியின் ஈவு 2000-இல் 6, 2001-இல் 5, 2002-இல் 4.25 விழுக்காடு என்று இறங்கியது. இளையவன் கணக்கில் 30,000 வெள்ளி இருந்தால், 6.70 விழுக்காட்டில் 2,010 வெள்ளி சேரும், 4.25-இல் 1,275 வெள்ளிதான். ஏற்றத்தில் பங்கு வராதவனுக்கு இறக்கத்தில் மட்டும் பங்கு, நாலு வருடம் கழித்து!

கடைசியாகத் தகப்பனார். அப்போது அரசாங்க ஊழியருக்குப் பென்ஷன் இருந்தது. அதை வட்டி தொடவில்லை. தோட்டத் தொழிலாளிக்குச் சேமநிதிதான் பென்ஷன். 1998 நடுவில் வங்கியில் ஓராண்டு நிரந்தர வைப்புக்குப் பத்து விழுக்காட்டை ஒட்டி வட்டி கிடைத்தது. சேமநிதி தருவதோ 6.70. எடுத்து வங்கியில் போடு என்று சொல்லாதவர் யார்? 40,000 வெள்ளியை எடுத்துப் போட்டால் ஆண்டுக்கு 4,000, மாதத்துக்கு 333 வெள்ளி. இரு கிழவர்கள் சிக்கனமாகச் சாப்பிடலாம்.

ஆனால் அந்த வட்டி ஓராண்டுக்கே உறுதி. 1999-இல் வைப்பு முதிர்ந்து புதுப்பிக்கப் போனபோது வட்டி பாதிக்கும் கீழே போயிருந்தது. ஆண்டு முடிவில் நான்கு விழுக்காட்டை ஒட்டி வந்துவிட்டது. நான்கு விழுக்காட்டில் 40,000 வெள்ளிக்கு மாதம் 133 வெள்ளி. பணத்தை அசைக்காமல் சேமநிதியிலேயே விட்டிருந்தால், அந்த 1999-ஆம் ஆண்டுக்குக் கிடைத்த ஈவு 6.84 விழுக்காடு; அதாவது மாதம் 228 வெள்ளி. வித்தியாசம் 95 வெள்ளி. பற்றாக்குறைக்கு முதலில் கை வைத்தால் அடுத்த ஆண்டு வட்டி இன்னும் குறையும். வேலையிழந்து வீடு திரும்பிய மகளும் அந்தக் கிழவரின் 133 வெள்ளியில்தான் சாப்பிட வேண்டும்.