எந்தக் காவல்?

‘15 நாள் காவல்’ என்று மட்டும் கோவைச் செய்திப் பக்கத்தில் படிக்கும்போது, பிள்ளை ஸ்டேஷனில் இருக்கிறானா சிறையில் இருக்கிறானா என்று வீட்டார் தவித்துப்போவார்கள். ‘காவல்’ என்ற சொல்லின் வேர் ‘கா’; காத்தல் என்று பொருள். காப்பு, காவலன், சோழர் கல்வெட்டுகளில் வரும் பாடிகாவல் வரி எல்லாம் அதன் கிளைகள். கஸ்டடியின் லத்தீன் மூலமும் காவலாளியையே குறிக்கும். காப்பது அடைத்துவைப்பதாக மாறிய பிறகும் போலீஸ் காவலும் நீதிமன்றக் காவலும் ஒன்றல்ல. போலீஸ் காவலில் கைதானவர் விசாரிப்பவர் கையிலேயே இருக்கிறார்; அதற்கு மொத்தம் 15 நாள்தான். நீதிமன்றக் காவலில் சிறைக்குப் போகிறார். அங்கே நீதிமன்ற அனுமதியின்றிப் போலீஸ் விசாரிக்க முடியாது. கரூர்க்காரரான அப்போதைய அமைச்சர் செந்தில் பாலாஜியை 2023 ஜூன் 14 அன்று அமலாக்கத்துறை கைது செய்தது. மருத்துவமனையில் இருந்தபடியே அவர் நீதிமன்றக் காவலுக்கு உட்படுத்தப்பட்டார். சிகிச்சையில் நாட்கள் கழிந்தன. முதல் 15 நாள் தாண்டிய பின்னும் விசாரணைக்கு எடுக்கலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது; எடுக்கலாம் என்று ஆகஸ்ட் 7 அன்று தீர்ப்பு வந்தது, 5 நாள் கிடைத்தது. இன்றைய நாகரிக் சுரக்ஷா சட்டமோ, குற்றத்தைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாளுக்குள் அந்த 15 நாளைப் பிரித்தும் எடுக்க விடுகிறது. சிறைக்குப் போனவர் மறுபடியும் போலீஸ் கைக்கு வரக்கூடும் என்பதால் வேறுபாடு இன்னும் முக்கியமாகிறது. ‘விசாரணைக் காவல்’, ‘சிறைக் காவல்’ என்று எழுதுங்கள் என்பேன். ஆள் எங்கே இருக்கிறார் என்பதை அந்தச் சொற்களே சொல்லிவிடும்.