பழைய வீட்டில் கரையான் ஒழிப்பும் மரப் பழுதும்: செலவு மதிப்பீடு

ஓட்டுக்கூரை, மர உத்தரம், கைமரம், தேக்கு நிலை ஆகியவற்றோடு நிற்கும் பழைய வீடுகளில் கரையான் வேலைக்கு ஆகும் செலவை முன்கூட்டியே கணக்கிடுவதும், ஒப்பந்தக்காரர்கள் தரும் கொட்டேஷன்களை ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்பதும் இக்கட்டுரையின் பொருள். தமிழ்நாட்டின் பழைய ஓட்டு வீடு ஒன்று எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது. இதில் வரும் விலைகள் கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர் அவை மாறும், அளவும் முறையும் மாறா.

முதலில் பூச்சி எது என்று பார்ப்பது

மரத்தை அரிப்பதெல்லாம் ஒரே பூச்சி அல்ல. சுவரில் மண்வரி ஓடியிருந்தால், மரத்தைப் பிளக்கும்போது உள்ளே ஈரமண் அப்பியிருந்தால், அது மண்ணிலிருந்து ஏறும் கரையான். மண்ணே இல்லாமல் மரத்துக்கடியில் கசகசாவைப் போன்ற உலர்ந்த மணிகள் உதிர்ந்து கிடந்தால், அது மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் உலர்மரக் கரையான். குண்டூசித் துளைகளிலிருந்து மாவுபோல் தூள் கொட்டினால் அது உளு, அதாவது வண்டின் வேலை.

செலவு இங்கேதான் பிரிகிறது. தரையைத் துளைத்து மருந்து இறக்கும் வேலை முதல் வகைக்கு மட்டுமே பயன்படும். மற்ற இரண்டுக்கும் மரத்துக்குள்ளேயே மருந்து ஏற்ற வேண்டும், அல்லது அந்தத் துண்டை மாற்ற வேண்டும். கைமரத்திலிருந்து மணி உதிரும் வீட்டுக்குத் தரைத் துளைக்கான கொட்டேஷன் கொடுப்பவர், வாசலோடு நின்று பார்த்துவிட்டுப் போனவர் என்று கொள்ளலாம்.

மரத்தின் நிலையை அறிய ஸ்க்ரூடிரைவரும் அதன் கைப்பிடியும் போதும். கைப்பிடியால் தட்டினால் பொள்ளலான இடம் வேறு ஓசை தரும். அங்கே நுனியால் அழுத்தினால் எத்தனை அங்குலம் உள்ளே போகிறது என்பது தெரிந்துவிடும். பழைய தேக்கு நிலைகளில் பெரும்பாலும் வெளிர்நிற ஓரமரம்தான் தின்னப்பட்டிருக்கும். வைரம் பாய்ந்த உட்பகுதி தப்பியிருக்கும். பெயிண்ட் மட்டும் தோலாக நிற்கும் நிலைக்காலைக் கண்டு முழு நிலையும் போயிற்று என்று முடிவு கட்டுவது செலவைப் பல மடங்காக்கிவிடும்.

மருந்து வேலையின் அளவு

நின்றுகொண்டிருக்கும் கட்டடங்களில் கரையான் தடுப்புக்கு இந்தியத் தரம் ஐ.எஸ். 6313, மூன்றாம் பகுதி வழிகாட்டுகிறது. மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலும் இதே முறையில் வேலையைப் பிரித்து அளக்கிறது. தரையும் சுவரும் சேரும் மூலையில் 300 மில்லிமீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய ஓர் அடிக்கு ஒன்றாக 12 மி.மீ. துளை. துளைக்கு 1 லிட்டர் வரை மருந்துநீர். வெளிச்சுவரை ஒட்டிச் சிமெண்ட் தளம் இருந்தால், அதைத் துளைத்து மீட்டருக்கு 2.25 லிட்டர். நிலை சுவரைத் தொடும் இடங்களில் 6 மி.மீ. சாய்துளை, துளைக்கு அரை லிட்டர்.

20 அடிக்கு 40 அடி வீடு, 800 சதுர அடி, சுற்றிலும் சிமெண்ட் தளம் என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சுற்று 120 அடி. உள்ளே குறுக்குச்சுவர்கள் 60 அடி. குறுக்குச்சுவருக்கு இரண்டு பக்கமும் துளை வரும் என்பதால் அது 120 அடி. வெளிச்சுவரின் உட்பக்கத்தைச் சேர்த்தால் உள்ளே மொத்தம் ஏறக்குறைய 240 துளை, 240 லிட்டர். வெளியே 120 அடி என்பது 36.6 மீட்டர், அதற்கு 82 லிட்டர். நிலைகளுக்கு 40 துளை, 20 லிட்டர். கூட்டினால் 340 லிட்டர் அளவில் வரும். இது உச்ச அளவு. இறுகிய மண்ணில் சில துளைகள் அரை லிட்டர்கூட வாங்காது.

இந்த ஒரு எண் கையில் இருந்தால் வேலை நடக்கும் நாளிலும் உதவும். குளோர்பைரிபாஸ் 20 ஈசி மருந்தை 1 சதவீதக் கரைசலாக்க 1 லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர் சேர்க்க வேண்டும். அப்படியானால் 340 லிட்டருக்கு 17 லிட்டர் மருந்து வேண்டும். ஐந்து லிட்டர் டின் ஒன்றோடு வருபவரால் 100 லிட்டர்தான் தயாரிக்க முடியும். மீதி வெறும் தண்ணீராக இறங்கும், அல்லது துளை காலியாகவே பூசப்படும். இமிடாக்ளோபிரிட் 30.5 எஸ்சி என்றால் லிட்டருக்கு 2.1 மில்லி, எனவே 340 லிட்டருக்கு 714 மில்லி போதும். ஒரு லிட்டர் பாட்டிலில் முழு வீடும் முடிந்துவிடும். ஆகவே மருந்தின் பெயர், அதன் சதவீதம், எத்தனை டின் என்ற மூன்றும் கொட்டேஷனில் எழுத்தில் இருக்க வேண்டும். சீல் உடையாத டின் வீட்டுக்காரர் கண்ணெதிரே திறக்கப்பட வேண்டும்.

பழைய வீட்டுக்கே உரிய இரண்டு சிக்கல்களைக் கொட்டேஷன்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. ஒன்று தரை. ஆத்தங்குடிக் கல்லிலோ சிவப்பு ஆக்சைடு தரையிலோ 240 துளை போட்டுச் சிமெண்ட் வைத்து அடைத்தால் அந்தத் தழும்பு போகாது. கல்லின் இணைப்பில் மட்டும் துளைப்பது, தேவையானால் இடைவெளியைச் சற்று மாற்றிக்கொள்வது, நிறம் கலந்த சாந்தால் அடைப்பது ஆகியவற்றை முன்பே பேசி எழுத வேண்டும். இன்னொன்று கிணறு. வீட்டை ஒட்டிக் குடிநீர்க் கிணறு இருந்தால் அந்தப் பக்கம் மண்ணில் மருந்து இறக்கக் கூடாது. கிணறு எங்கே என்று கேட்காமலே விலை சொல்பவரிடம் இந்த வேலையைக் கொடுப்பதற்கில்லை.

மூன்று கொட்டேஷன்கள்

முதலாமவர் சதுர அடிக்கு 12 ரூபாய் என்று 9,600 ரூபாய் கேட்கிறார். இரண்டாமவர் உள்ளும் புறமுமாக 360 அடி, அடிக்கு 55 ரூபாய் என்று 19,800 கேட்கிறார். மூன்றாமவர் மொத்தமாக 15,000. பார்த்தவுடன் முதலாமவர் பாதி விலைக்குச் செய்வதாகத் தோன்றும்.

துளை இடைவெளியும் இடமும் கேட்டால் படம் மாறுகிறது. முதலாமவர் இரண்டடிக்கு ஒரு துளை, வீட்டுக்குள் மட்டும் போடுவார்: 120 துளை, 120 லிட்டர். லிட்டருக்கு 80 ரூபாய் ஆகிறது. மூன்றாமவர் ஓரடிக்கு ஒன்று போடுவார், ஆனால் வெளிச்சுற்றும் நிலைத்துளைகளும் கிடையா: 240 லிட்டர், லிட்டருக்கு 62 ரூபாய் 50 காசு. இரண்டாமவர் நிலைகளையும் சேர்த்து 340 லிட்டரும் இறக்குகிறார்: லிட்டருக்குச் சுமார் 58 ரூபாய். விட்டுப்போன பகுதியை அவரவர் விலையிலேயே சேர்த்து முழு வேலைக்குக் கணக்கிட்டால், முதலாமவர் 27,200, மூன்றாமவர் 21,250, இரண்டாமவர் 19,800 என்று வரிசை தலைகீழாகிறது. இவற்றோடு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. ஒருவர் அதைச் சேர்த்தும் ஒருவர் சேர்க்காமலும் சொல்லியிருந்தால் முதலில் அதைச் சமன்செய்ய வேண்டும்.

சதுர அடி விலை பழைய வீட்டுக்குப் பொருந்தாத அளவு. மருந்து தரைப்பரப்பில் இறங்குவதில்லை, சுவரோரத்தில் இறங்குகிறது. ஒரே 800 சதுர அடியில் ஆறு அறை உள்ள வீட்டுக்கு ஒற்றைக் கூடம் உள்ள வீட்டைவிடத் துளைகள் மிக அதிகம்.

மரவேலையின் அளவு

மரம் கன அடிக் கணக்கில் விற்கப்படுகிறது. அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் நீளத்தை அடியிலும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. 4 அங்குலம், 3 அங்குலம், 12 அடி உள்ள கைமரம் சரியாக 1 கன அடி.

அதே வீட்டில் ஒரு நிலையின் இரண்டு கால்களும் அடியில் ஒன்றரை அடி உயரத்துக்கு அரிக்கப்பட்டிருக்கின்றன. ஆறு கைமரங்கள் போய்விட்டன. நிலை முழுவதையும் மாற்றினால், 5-க்கு 4 அங்குலத்தில் கால், தலை, படி எல்லாமாக 22 அடி, 3 கன அடிக்குச் சற்று மேல். தேக்கு கன அடி 4,000 ரூபாய் என்றால் மரமே 12,000-ஐத் தாண்டும். அடிக்காலை மட்டும் நல்ல மரம் வரை வெட்டி, சாய்வெட்டாக ஒட்டுப்போட்டால் காலுக்கு 2 அடி போதும். கழிவோடு முக்கால் கன அடி, 3,000 ரூபாய். ஆசாரிக்கு மூன்று நாள் கூலி ஆனாலும் இதுவே மேல், பழைய வேலைப்பாடும் மிஞ்சும். உத்தரத்துக்கு மட்டும் இந்த ஒட்டு ஆகாது. சுவருக்குள் புகுந்து சுமை இறங்கும் நுனி அரித்திருந்தால், கட்டடப் பொறியாளர் பார்க்காமல் யாரும் விலை சொல்லக் கூடாது.

கைமரத்துக்கு வேங்கை கன அடி 2,500 என்று கொண்டால், பத்து சதவீதக் கழிவோடு 6.6 கன அடி, 16,500 ரூபாய். ரீப்பர் 150 அடி, 3,750. ஓடு இறக்கி, கைமரம் மாற்றி, மீண்டும் ஓடு வேய ஓர் ஆசாரியும் இரு உதவியாளரும் நான்கு நாள்: 11,200. நிலைக்குக் கூலி 3,600, மரம் 3,000. சுவரைக் கொத்திப் பூசும் கொத்தனார் வேலை 3,800. ஆக 41,850 ரூபாய். கொத்தனாரும், உடையும் ஓடுகளும் ஆசாரியின் கொட்டேஷனில் பெரும்பாலும் இருப்பதில்லை. பழைய ஓட்டின் அளவுக்கு இப்போது வரும் ஓடு பொருந்தாமல் போவதால், உடைந்தவற்றுக்கு மாற்று எங்கே கிடைக்கும் என்பதையும் முன்பே பார்த்துவைக்க வேண்டும்.

ஓடு பிரித்த பிறகே தெரியும் சேதமும் உண்டு. அதற்குக் கால்பங்கு, பத்தாயிரம் ரூபாய் போல, தனியே ஒதுக்குவது நல்லது. அதைவிட முக்கியம், கூடும் ஒவ்வொரு கைமரத்துக்கும் மரமும் கூலியும் சேர்த்து என்ன விலை என்று வேலை தொடங்குமுன் எழுதி வாங்குவது. கூரை திறந்து கிடக்கும்போது, மழையும் மிரட்டும்போது பேசப்படும் விலை வீட்டுக்காரருக்குச் சாதகமாக அமைவதில்லை.

வேலைகளின் வரிசையும் உத்தரவாதமும்

மருந்துக்காரரும் ஆசாரியும் தனித்தனியே வந்து போனால் ஒரு நல்ல வாய்ப்பு தவறும். நிலையின் அடிக்காலை வெட்டி எடுத்ததும் அதன் கீழுள்ள சுவரும் மண்ணும் திறந்திருக்கும். மருந்து நேரே சேர வேண்டிய இடம் அதுதான். அன்றைக்கு மருந்துக்காரர் ஒருமுறை வருவது கொட்டேஷனில் சேர வேண்டும். புது மரத்தின் வெட்டு முனைகளுக்கும் சுவருக்குள் போகும் பக்கத்துக்கும் பொருத்துமுன்பே மரக்காப்பு மருந்து பூச வேண்டும். கழித்த மரத்தைக் கொல்லையில் அடுக்கி வைக்கக் கூடாது. கூரை ஒழுக்கும் குழாய்க் கசிவும் மருந்து வேலைக்கு முன்னரே சரிசெய்யப்பட வேண்டும், ஈரம் இருக்கும் வரை கரையான் திரும்பும்.

உத்தரவாத ஆண்டுகளைக் கொண்டு கொட்டேஷன்களை ஒப்பிடுவது பயனற்றது. பெரும்பாலான உத்தரவாதங்கள் கரையான் திரும்பினால் அந்த இடத்தில் மறுபடி மருந்து இறக்குவதோடு நின்றுவிடும். அரிக்கப்படும் மரத்துக்கு ஈடு தராது. தரையைப் புதிதாகப் போட்டாலோ சுவரை இடித்தாலோ பல இடங்களில் உத்தரவாதமே செல்லாது. ஆண்டுக்கு எத்தனை முறை வந்து பார்ப்பார், மறுமருந்துக்குத் தனிக் கட்டணம் உண்டா, பூச்சிக்கொல்லிச் சட்டம், 1968-இன் கீழ் அவருக்கு உரிமம் இருக்கிறதா என்று கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்க வேண்டும்.