தாவல் பாதையின் பெருமக் கூட்டுத்தொகை

தாவல் பாதையின் பெருமக் கூட்டுத்தொகை என்பது, வரிசையாக அமைந்த எண்களின் முதல் இடத்தில் தொடங்கி, ஒவ்வொரு தாவலிலும் முன்னோக்கி அதிகபட்சம் k இடங்கள் வரை நகர்ந்து, கடைசி இடத்தை அடையும் பாதைகளுள், மிதித்த இடங்களின் எண்களைக் கூட்டினால் மிகப் பெரிய தொகை தரும் பாதையைக் கண்டறியும் கணக்காகும். எண்கள் குறையெண்களாகவும் இருக்கலாம் என்பதுதான் இதைக் கணக்காக்குகிறது. எல்லாமே நேரெண்களாக இருந்தால் எந்த இடத்தையும் விடாமல் மிதித்துச் செல்வதே விடை. லீட்கோடு பயிற்சித் தளத்தின் ‘ஜம்ப் கேம்’ வரிசையில் ஆறாவதாக, 1696 என்ற எண்ணுடன், 2020 டிசம்பரில் வாரப் போட்டிக் கேள்வியாக வந்த பிறகு இக்கணக்கு இன்றைய வடிவில் பரவலாக அறியப்பட்டது. ஆயினும் அதன் தீர்வில் இணையும் இரண்டு கருத்துகளும் அதைவிட மிகப் பழையவை.

அவற்றுள் முதலாவது, 1950களில் அமெரிக்காவின் சாண்டா மோனிக்காவிலிருந்த ராண்ட் நிறுவனத்தில் ரிச்சர்ட் பெல்மன் உருவாக்கி, 1957இல் நூலாக வெளியிட்ட இயங்குநிலை நிரலாக்கம். பெல்மனின் உகமைக் கோட்பாட்டின்படி, ஒரு சிறந்த பாதை வழியில் எந்த இடத்தைத் தொட்டாலும், அங்கிருந்து எஞ்சும் பகுதி அந்த இடத்திலிருந்து செல்லக்கூடிய பாதைகளுள் சிறந்ததாகவே இருக்கும். திருப்பிப் பார்த்தால், அந்த இடம்வரை வந்த பகுதியும் அவ்வாறே. எனவே i என்ற இடத்தில் வந்து நிற்கும் சிறந்த தொகையை d[i] எனக் குறித்தால், அதற்கு முந்தைய k இடங்களின் சிறந்த தொகைகளுள் பெரியதை எடுத்து, i இல் உள்ள எண்ணைக் கூட்டுவதே போதுமானது:

```
d[i] = nums[i] + max(d[i-k], ..., d[i-1])
```

தொடக்கத்தில் k இடங்கள் பின்னால் இல்லாதபோது, இருக்கும் இடங்களை மட்டும் பார்க்க வேண்டும். முதற்பார்வைக்கு எளிதாகத் தோன்றும் குறுக்குவழி, அதாவது அடுத்த k இடங்களுள் பெரிய எண்ணை நோக்கித் தாவிக்கொண்டே செல்வது, இங்கு தவறிவிடும். k = 2 எனக் கொண்டு 0, -1, -2, -9, 0 என்ற வரிசையைப் பார்த்தால், அவ்வழி முதலில் -1 ஐயும் பின்னர் -2 ஐயும் மிதித்து -3 என்ற தொகையைத் தரும்; -1 ஐத் தாண்டி நேராக -2 க்குத் தாவினால் கிடைப்பது -2. அருகிலிருக்கும் நல்ல எண், தேவையற்ற ஒரு தாவலைக் கூட்டிவிடுகிறது.

பெல்மன் சமன்பாட்டை எழுதியபடியே நிரலாக்கினால் விடை சரியாக வரும்; ஆனால் நேரம் போதாது. அப்போட்டிக் கேள்வியில் எண்களின் எண்ணிக்கையும் k உம் 1,00,000 வரை செல்லலாம். 1,00,000 எண்களும் k = 50,000 உம் உள்ள நிலையில், ஒவ்வோர் இடத்திலும் பின்னோக்கிப் பார்க்கும் மதிப்புகளைக் கூட்டினால் ஏறத்தாழ 375 கோடி ஆகிறது. இவ்வளவும் வீண் வேலை என்பதை எளிதில் உணரலாம்: i க்காகப் பார்த்த k மதிப்புகளுள் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் i+1 க்காக மீண்டும் பார்க்கப்படுகின்றன. ஆகவே கேள்வி இப்படி மாறுகிறது: வலப்பக்கம் ஒரு மதிப்பு சேர, இடப்பக்கம் ஒன்று விலக நகர்ந்துகொண்டே இருக்கும் ஒரு சாளரத்தின் பெரும மதிப்பை, ஒவ்வொரு முறையும் முழுதாகத் தேடாமல் எவ்வாறு கையில் வைத்திருப்பது?

நகரும் சாளரத்தின் பெருமம் பற்றிய இக்கேள்வியே இரண்டாவது கருத்தின் பிறப்பிடம். அதைப் பல துறையினர் தனித்தனியே சந்தித்தனர். இரு முனைகளிலும் சேர்க்கவும் நீக்கவும் இயலும் பட்டியலான இருமுனை வரிசையை 1968இல் வெளிவந்த தம் நூலின் முதல் தொகுதியில் டொனால்ட் நூத் முறைப்படுத்தி விளக்கியிருந்தார். அத்தகைய வரிசையில் உள்ள சிறும அல்லது பெரும மதிப்பையும் மாறா நேரத்தில் சொல்ல முடியும் என்பதை ஹானியா கஜெவ்ஸ்காவும் ராபர்ட் டார்ஜனும் 1986இல் காட்டினர். படச் செயலாக்கத்தில், ஒவ்வொரு புள்ளியையும் அதன் சுற்றுப்புறத்தின் பெருமத்தால் மாற்றும் வடிப்பான்களுக்காக மார்செல் வான் ஹெர்க் 1992இலும், கில், வெர்மன் ஆகியோர் 1993இலும் வேறொரு வழியை வகுத்தனர். வரிசையை k நீளத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் இடமிருந்தும் வலமிருந்தும் ஓடும் பெருமங்களைக் குறித்துவைத்தால், எந்தச் சாளரமும் அதிகபட்சம் இரு தொகுதிகளையே தொடுவதால், அதன் பெருமத்தை ஒரே ஒப்பீட்டில் பெறலாம். 2006இல் டேனியல் லெமீர், ஒருபோக்கு வரிசையை அடிப்படையாகக் கொண்டு, ஓர் உறுப்புக்கு மூன்று ஒப்பீடுகளுக்கு மேல் தேவைப்படாத வழியை வெளியிட்டார். நிரலாக்கப் போட்டிகளின் உலகில், பீக்கிங் பல்கலைக்கழகத்தின் கணினித் தீர்ப்பகத்தில் 2823 என்ற எண்ணுள்ள நகரும் சாளரக் கேள்வி இம்முறையைப் பயில்வோரின் முதற்பாடமாக நெடுங்காலம் இருந்துவருகிறது.

தாவல் கணக்குக்கு இவற்றுள் மிக இயல்பாகப் பொருந்துவது ஒருபோக்கு இருமுனை வரிசையே. இங்கே சாளரத்தினுள் வரும் மதிப்புகள் முன்கூட்டியே கொடுக்கப்பட்டவை அல்ல. அவை ஒவ்வொன்றும் முந்தைய சாளரத்தின் பெருமத்திலிருந்தே பிறக்கின்றன. தொகுதி முறையையும் இதற்கேற்ப வளைக்க முடியும். எனினும் கூடுதல் வரிசைகளும் எல்லைக் கணக்கும் வேண்டியிருப்பதால் அதில் பிழை நுழைய இடம் அதிகம்.

ஒருபோக்கு வரிசையின் உயிர்நாடி ஒரே ஒரு கவனிப்பில் அடங்கியுள்ளது. j என்ற இடத்துக்குப் பின்னால் i வருகிறது என்றும், d[i] ஆனது d[j] க்குக் குறையாதது என்றும் கொள்வோம். இனி வரும் எந்தச் சாளரத்திலும் j இருந்தால் i உம் இருக்கும். ஏனெனில் j முதலில் வெளியேறும். எனவே j பெருமமாகத் தேவைப்படும் நேரம் இனி ஒருபோதும் வராது. அதை இப்போதே கழித்துவிடலாம். இப்படிக் கழித்த பிறகு எஞ்சும் இடங்களின் மதிப்புகள் முன்முனையிலிருந்து பின்முனை நோக்கி இறங்கிக்கொண்டே போகும். ஒரே போக்கில் அமைவதால்தான் ஒருபோக்கு வரிசை என்ற பெயர். பெருமம் எப்போதும் முன்முனையில் இருக்கும். காலாவதியாகும் இடமும் முன்முனையிலேயே இருக்கும். புதியது பின்முனையில் சேரும். பைத்தான் மொழியில் இது கீழ்வருமாறு அமைகிறது:

```python
from collections import deque

def max_result(nums, k):
    d = [0] * len(nums)
    d[0] = nums[0]
    q = deque([0])
    for i in range(1, len(nums)):
        if q[0] < i - k:
            q.popleft()
        d[i] = nums[i] + d[q[0]]
        while q and d[q[-1]] <= d[i]:
            q.pop()
        q.append(i)
    return d[-1]
```

k = 3 எனக் கொண்டு 3, -5, -2, 4, -6, -1, -8, 2 என்ற எட்டு எண்களில் இதை நடத்திப் பார்க்கலாம்; இடங்கள் 0 முதல் 7 வரை. தொடக்கத்தில் d[0] = 3. இடம் 1 இல் தொகை -2. அது 3 ஐவிடச் சிறியதாதலால் பின்னால் சேர்ந்து நிற்கிறது. இடம் 2 இல் 3 - 2 = 1; இது -2 ஐவிடப் பெரியதாதலால் இடம் 1 கழிக்கப்பட, வரிசையில் 0, 2 ஆகிய இடங்கள் மட்டும் நிற்கின்றன. இடம் 3 இல் தொகை 7. அதன் முன் எதுவும் நிற்க முடியாமல் வரிசை முழுவதும் காலியாகி, 3 மட்டும் எஞ்சுகிறது. இடம் 4 இல் தொகை 1, இடம் 5 இல் 6. ஐந்தாம் இடம் வந்ததும் நான்காம் இடம் கழிகிறது. இடம் 6 இல் தொகை -1. இப்போது வரிசையில் 3, 5, 6 ஆகிய இடங்கள் முறையே 7, 6, -1 என இறங்குமுகமாக உள்ளன. இடம் 7 வரும்போது, மூன்று இடங்களுக்குள் எட்டக்கூடியவை 4, 5, 6 மட்டுமே என்பதால் 3 முன்முனையிலிருந்து வெளியேற, 5 தலைமை ஏற்கிறது; விடை 6 + 2 = 8. பாதையும் இதிலிருந்தே தெரிகிறது: 0, 3, 5, 7 ஆகிய இடங்களை மிதித்தால் 3 + 4 - 1 + 2 = 8.

உள்ளே ஒரு `while` சுற்று இருப்பதைக் கண்டு, ஒவ்வோர் இடத்திலும் அது k முறை ஓடக்கூடும் என அஞ்சத் தேவையில்லை. ஒரே இடத்தில் அது பலமுறை ஓடலாம். ஆனால் எந்த இடமும் வரிசைக்குள் ஒரு முறையே நுழைகிறது, அதிகபட்சம் ஒரு முறையே வெளியேறுகிறது. ஆகவே 1,00,000 எண்களுக்கு நுழைவும் வெளியேற்றமும் சேர்ந்து 2,00,000 ஐத் தாண்டா. k எவ்வளவு பெரிதானாலும் இது மாறாது. ஒரு செயலின் தனிச்செலவைப் பாராமல் செயல்தொடரின் மொத்தச் செலவைப் பங்கிட்டுப் பார்க்கும் இவ்வகை மதிப்பீட்டை 1985இல் டார்ஜன் ஒரு கட்டுரையில் முறையாக நிலைநாட்டினார்.

நிரல் எழுதுவோர் தவறும் இடங்கள் சில உண்டு. வரிசையில் மதிப்பை மட்டும் வைத்து இடத்தை வைக்காவிட்டால், எது காலாவதியானது என்பதை அறிய வழியிராது. பின்முனையில் ஒப்பிடும்போது d க்குப் பதிலாக மூல எண்களை ஒப்பிடுவது இன்னும் மறைவான பிழை. சிறு எடுத்துக்காட்டுகளில் அது சரியான விடையையே தந்து ஏமாற்றக்கூடும். காலாவதி எல்லையில் `<` க்குப் பதிலாக `<=` என எழுதினால், i-k என்ற இடம் ஒரு படி முன்னதாகவே விலகிவிடும். நகரும் சாளரக் கேள்வியில் நடப்பு இடமும் k இல் சேரும், இங்கோ சேராது என்பதால் அங்கிருந்து வருவோர் இதில் எளிதில் விழுகிறார்கள். இதைக் கண்டுபிடிக்க k = 1 என வைத்துச் சோதிப்பதே சிறந்தது: எல்லா எண்களின் கூட்டுத்தொகை விடையாக வர வேண்டும்; எல்லை தவறியிருந்தால் வரிசை காலியாகி நிரல் உடனே பிழை காட்டும்.

இம்முறை எதுவரை நீளும் என்பதையும் மேற்சொன்ன கவனிப்பே வரையறுக்கிறது. தாவும் தூரத்துக்கேற்ப இடத்துக்கு c வீதம் கட்டணம் கழிக்கப்பட்டாலும், d[j] க்குப் பதிலாக d[j] + c·j ஐ வரிசையில் வைத்து, பிறகு c·i ஐக் கழித்தால் முறை அப்படியே செல்லும். கட்டணம் j சார்ந்த பகுதியாகவும் i சார்ந்த பகுதியாகவும் பிரிவதே காரணம். ஆனால் எவ்வளவு தூரம் தாவலாம் என்பது புறப்படும் இடத்துக்கு இடம் மாறுமானால் அடித்தளமே சரிந்துவிடும். முன்னால் உள்ள j இலிருந்து ஐம்பது இடங்கள் தாவலாம், பின்னால் வரும் i இலிருந்து இரண்டே இடங்கள்தான் எனில், i இன் தொகை பெரிதாக இருப்பினும் i காலாவதியான பின் j தேவைப்படும். அதைக் கழித்திருக்கக் கூடாது. அத்தகைய வடிவில், ஒவ்வோர் இடத்தையும் அதன் எட்டும் எல்லையோடு சேர்த்து ஹீப் எனப்படும் முன்னுரிமைக் குவியலில் இட்டு, எல்லை கடந்தவை உச்சிக்கு வரும்போது மட்டும் நீக்குவது வழக்கம். ஓர் இடத்துக்கான வேலை மடக்கை அளவில் கூடினாலும், இடங்கள் எந்த முறையில் காலாவதியானாலும் அவ்வழி சரியான விடையைத் தரும்.